சைன், கொசைன் மனப்பாடம் இல்லாமல்: அலகு வட்டத்தை எங்கிருந்து தொடங்குகிறீர்கள்?

கரும்பலகை
பதினொன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலிருந்து "எதிர்ப்பக்கம் கீழே கர்ணம்" என்பதோடு வருகிறார்கள், அதோடு 0, 30, 45, 60, 90 அட்டவணையும் தலைகீழாகத் தெரியும். sin 120° எவ்வளவு என்றால் "ஆல் சில்வர் டீ கப்ஸ்" சொல்லி, இரண்டாம் கால்பகுதி, சைன் பிளஸ், √3/2 என்று சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் 120 டிகிரியில் செங்கோண முக்கோணம் எங்கே இருக்கிறது, எதற்கு எது எதிர்ப்பக்கம் என்று கேட்டால் வகுப்பே அமைதி.

இன்னொரு கேள்வி கேட்டேன்: sin 2 பிளஸா மைனஸா? பாதிப் பேர் அதை 2 டிகிரி என்று எடுத்துக்கொண்டு "ரொம்பச் சின்ன எண் சார்" என்றார்கள். மீதிப் பேர் "π இல்லையே சார், அப்புறம் எப்படி ரேடியன்?" என்றார்கள். ரேடியன் என்றால் π-ஐ எடுத்துவிட்டு 180 போடுவது, அவ்வளவுதான் அவர்கள் மனதில்.

எங்கள் வகுப்பில் புரொஜெக்டர் இல்லை, அதனால் அனிமேஷன் இணைப்பு வேண்டாம். கையால் செய்யக்கூடியது ஏதாவது, எந்த வரிசையில், எத்தனை பீரியடில் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

மனக்கணக்கு_மணி
சார், இதற்கு விரல் முறை இருக்கே! இடது கையை விரித்து உள்ளங்கையை உங்களைப் பார்த்து வையுங்கள். சுண்டுவிரல் 0, மோதிரவிரல் 30, நடுவிரல் 45, ஆட்காட்டி 60, கட்டைவிரல் 90. எந்தக் கோணம் வேண்டுமோ அந்த விரலை மடக்குங்கள். மடக்கிய விரலுக்குச் சுண்டுவிரல் பக்கம் எத்தனை விரல் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 2-ஆல் வகுத்தால் சைன், கட்டைவிரல் பக்கம் இருப்பதை வைத்துச் செய்தால் கொசைன். 30-க்கு ஒரு விரல், √1/2, அதாவது அரை. மறுபக்கம் மூன்று, √3/2. பரீட்சை ஹாலில் உயிர் காக்கும்.

கரும்பலகை
மணி சார், நன்றி, அருமையான முறைதான். ஆனால் நான் தப்பிக்கப் பார்ப்பது இதிலிருந்துதான். sin 2-க்கு மடக்க விரல் இல்லையே.

பரிதி
நீங்கள் கேட்ட இடத்திலேயே பதில் இருக்கிறது. "எத்தனை டிகிரி" என்பதை ஓரம் கட்டிவிட்டு "வட்டத்தில் எவ்வளவு தூரம் நடந்தாய்" என்று கேட்கத் தொடங்குங்கள். முதல் பீரியடில் டிகிரி என்ற சொல்லும் வேண்டாம், π-யும் வேண்டாம், ரேடியன் என்ற பெயரும் வேண்டாம். நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன்.

தேவை: கெட்டியான அட்டை, கிராஃப் தாள், பசை, கத்தரி. அட்டையில் 10 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தை வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கிராஃப் தாளில் 20 செ.மீ. அகலம் கிடைக்காது, அதனால் இரண்டு தாளைக் கோடு கோட்டோடு பொருந்த ஒட்டி, நடுவில் அச்சுகளை வரைந்து, வட்டத்தின் மையம் ஆதியில் வரும்படி அட்டையை அதன் மேல் வைக்க வேண்டும். இன்னொரு கிராஃப் தாளிலிருந்து ஒரு செ.மீ. அகலத்தில் நாடா போல வெட்டி, மூன்று துண்டை நீளமாக ஒட்டினால் 65, 70 செ.மீ. வரும். அதில் ஒவ்வொரு 10 செ.மீ.-க்கும் 0, 1, 2, 3 என்று 6 வரை எழுதச் சொல்வேன். அதாவது நாடாவின் ஒரு அலகு வட்டத்தின் ஆரம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மறுபடி மறுபடி சொல்வேன்: இந்த வட்டத்துக்கு ஆரம்தான் அடிக்கோல்.

பிறகு நாடாவின் 0-ஐ வட்டத்தின் வலது ஓரத்தில் வைத்து, இடஞ்சுழியாக அட்டையின் விளிம்போடு ஒட்டிச் சுற்ற வேண்டும். 1 எங்கே விழுகிறதோ அங்கே கீழே இருக்கும் கிராஃபில் ஒரு புள்ளி. 2-க்கு ஒரு புள்ளி. இப்படி 6 வரை. இப்போது புள்ளிகளின் ஆயத்தொலைவைப் படிக்கச் சொல்லுங்கள். 1-இன் புள்ளி வலப்பக்கம் 5.4 செ.மீ., மேலே 8.4 செ.மீ. ஆரமே ஒரு அலகு என்றால் (0.54, 0.84). 2-இன் புள்ளி இடப்பக்கம் போய்விட்டது, (−0.42, 0.91). 3 கிட்டத்தட்ட இடது ஓரத்தில், (−0.99, 0.14). இதற்கெல்லாம் பிறகுதான் சொல்வேன்: 2 தூரம் நடந்தால் எவ்வளவு உயரத்தில் இருக்கிறாயோ அதுதான் sin 2, எவ்வளவு பக்கவாட்டில் இருக்கிறாயோ அது cos 2. உங்கள் பிளஸா மைனஸா கேள்விக்கு அந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், புள்ளி கண்ணுக்கு முன்னால் மேலே உட்கார்ந்திருக்கிறது. "ஆல் சில்வர் டீ கப்ஸ்"க்கு வேலையே இல்லை.

உச்சிப் புள்ளியில் நாடா என்ன எண் காட்டுகிறது என்று கேளுங்கள். 1.57 என்று மில்லிமீட்டர் கோட்டைப் பார்த்துச் சொல்வார்கள். இடது ஓரத்தில் 3.14. யாராவது ஒரு பிள்ளை "சார், இது π இல்ல?" என்று கத்தும், அதுவரை நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. சில குழு நாடாவைச் சுற்றாமல், காம்பஸை 10 செ.மீ. திறந்து விளிம்பில் குத்திக் குத்திப் போவார்கள். அவர்களுக்குச் சரியாக ஆறு எட்டில் வட்டம் மூடிவிடும், "சார் எங்களுக்கு மீதியே வரல" என்பார்கள். அவர்கள் அளந்தது நாண், வில் அல்ல. நாண் ஆரத்துக்குச் சமமானால் 60 டிகிரி, வில் ஆரத்துக்குச் சமமானால் 57.3 டிகிரி. வட்டம் ஆறில் மூடிவிட்டால் நேராக இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ஆறுக்குப் பிறகு சுமார் 2.8 செ.மீ. மிஞ்சினால் சரியாகச் சுற்றியிருக்கிறார்கள். அந்தக் குழுவைத் திட்டாதீர்கள், இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் வேறு எந்த விளக்கமும் வேண்டாம்.

முழுமதிப்பெண்
பரிதி சார் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எந்தப் பள்ளியில் இதற்கு நேரம் இருக்கிறது? நான் நுழைவுத்தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பவன். மாணவனுக்குத் தேவை வேகம். π = 180 என்று எழுது, வகு, முடிந்தது. ரேடியன் உண்மையில் நுண்கணிதம் வரும்போதுதான் தேவைப்படுகிறது, அதுவரை டிகிரியிலேயே ஓட்டலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. sin 2 மாதிரி கேள்வி எந்தப் பரீட்சையிலும் வராது.

பரிதி
நுண்கணிதத்தில்தான் ரேடியன் இல்லாமல் முடியவே முடியாது என்பது சரி. ஆனால் அந்த நுண்கணிதம் அதே பதினொன்றாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறதே சார். x பூச்சியத்தை நெருங்கும்போது sin x / x ஒன்றை நெருங்கும் என்று எழுதுகிறோம். π = 180 என்று பழகிய பிள்ளைக்கு அது இன்னொரு மனப்பாட வரி. நாடா சுற்றிய பிள்ளைக்கு அப்படியில்லை. 6-இன் புள்ளியைப் பாருங்கள்: வட்டம் மூட இன்னும் 2.83 செ.மீ. வில் மிச்சம், அந்தப் புள்ளி அச்சுக்குக் கீழே இருக்கும் ஆழம் 2.79 செ.மீ. 3-இன் புள்ளியிலும் அப்படித்தான், மிச்ச வில் 1.42 செ.மீ., உயரம் 1.41 செ.மீ. அச்சைத் தொடும் இடத்தில் வட்டம் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது, அதனால் நடந்த தூரமும் ஏறிய உயரமும் ஒன்றாகவே வருகின்றன. அந்த வரியின் பொருள் இதுதான். இதை டிகிரியில் சொன்னால் 0.01745 என்ற எண்தான் வரும், ஒன்று வராது.

π = 180 என்று நோட்டில் எழுதுவதையும் நான் விடமாட்டேன். π என்பது 3.14 சொச்சம், அது எப்படி 180 ஆகும்? π ரேடியன் என்பது 180 டிகிரி. அந்த இரண்டு சொல்லை விழுங்கியதால்தான் sin 2-ஐப் பார்த்ததும் 2 டிகிரி என்கிறார்கள்.

முழுமதிப்பெண்
சரி, எழுத்து விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். நேரம் பற்றி நீங்கள் பதில் சொல்லவில்லை.

அரைக்கோடு
நான் ஆசிரியர் இல்லை, கணினிக்காரன். கல்லூரி முதல் வருடத்தில் எல்லோரையும் போல இதை எழுதினேன்:

```python
import math
print(math.sin(30))   # -0.9880316240928618
```

0.5 வர வேண்டிய இடத்தில் மைனஸ் எண். ரேடியன் எதிர்பார்க்கிறது, math.radians(30) போடு என்று சீனியர் சொன்னார், போட்டேன், சரியானது. ஆனால் அந்த −0.988 எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யோசித்ததில்லை. பரிதி சார் எழுதியதைப் படித்ததும் ஒரு ஆர்வம். நாடாவில் 30 அலகு நடந்தால் எங்கே போய் நிற்போம்?

பரிதி
கணக்குப் போட்டுப் பாருங்கள், அழகாக வரும். ஒரு சுற்று 6.28. நாலு சுற்று 25.13. 30-இல் அதைக் கழித்தால் மிச்சம் 4.87. முக்கால் சுற்று, அதாவது வட்டத்தின் அடிப்புள்ளி, 4.71-இல் வருகிறது. நீங்கள் அதைத் தாண்டி 0.155 மட்டுமே போயிருக்கிறீர்கள். அடிப்புள்ளியில் உயரம் −1, அங்கே வட்டம் கிட்டத்தட்டப் படுக்கையாக இருப்பதால் 0.155 நடந்தும் கொஞ்சம்தான் மேலேறுவீர்கள். அதனால் −0.988. உங்கள் கணினி எந்தத் தவறும் செய்யவில்லை, நாலே முக்கால் சுற்றுக்கு மேல் நடந்துவிட்டு நின்ற இடத்தைச் சொன்னது.

அரைக்கோடு
ஓ. இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம்!

வெல்டிங்_கடை
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும் அண்ணே. நான் பைப் வளைக்கிற ஆளு, ஐடிஐ படிச்சது. மேலே 0.01745-னு ஒரு எண் எழுதியிருக்கீங்க. எங்க மேஸ்திரி கத்துக்கொடுத்ததும் அதே எண்தான். பெண்டு எடுக்க எவ்வளவு பைப் போகும்னா 0.01745 பெருக்கல் ஆரம் பெருக்கல் டிகிரி. 150 எம்எம் ஆரத்தில் 90 டிகிரி பெண்டுன்னா 235.6 எம்எம். ஆரம் என்பது உள்விளிம்புக்கோ வெளிவிளிம்புக்கோ இல்ல, பைப்போட நடுக்கோட்டுக்கு எடுக்கணும். தப்பா எடுத்தா பைப் பத்தாது, இல்ல மீதியாகும். இது எங்கிருந்து வந்த எண்ணுன்னு தெரியாமலே வருஷக்கணக்கா அடிச்சிட்டு இருக்கேன். அதுவும் இதுவும் ஒண்ணா?

பரிதி
ஒன்றேதான் தம்பி. ஆரம் 1 ஆக இருக்கும்போது ஒரு டிகிரிக்கு எவ்வளவு வில் நடக்க வேண்டுமோ அதுதான் 0.01745. 3.1416-ஐ 180-ஆல் வகுத்துப் பாருங்கள். டிகிரியை ரேடியனாக மாற்றி ஆரத்தால் பெருக்குகிறீர்கள், அவ்வளவுதான். கோணத்தை நேரடியாக ரேடியனில் கொடுத்தால் அந்த எண்ணே வேண்டாம், 1.5708 பெருக்கல் 150, அதே 235.6. உங்கள் மேஸ்திரியின் சூத்திரத்தில் அந்த எண் இருப்பது டிகிரி என்ற வெளியாள் உள்ளே வந்ததற்குக் கொடுக்கும் வரி.

கரும்பலகை சார், இவரது கணக்கைக் களவாடி வகுப்பில் போடுங்கள். வில் = ஆரம் × கோணம் என்று போர்டில் எழுதுவதைவிட இது நிற்கும்.

கரும்பலகை
நிச்சயம் போடுவேன். நடுக்கோடு விஷயமும் நல்ல கேள்வி ஆகும், வெளிவிளிம்பு எத்தனை எம்எம் நீள வேண்டியிருக்கும் என்று கேட்கலாம்.

பிளஸ்ஒன்_பாவம்
நான் ஸ்டூடண்ட். கேட்கலாமா தெரியல. sin 30 அரைன்னா sin 60 ஏன் ஒண்ணு இல்ல? ரெண்டு மடங்கு நடந்தா ரெண்டு மடங்கு உயரம் வரணும்ல. அட்டவணையில 0.866-ன்னு இருக்கு, அது தெரியும், ஆனா ஏன்?

பரிதி
தாராளமாகக் கேட்கலாம். இந்த இழையிலேயே இதுதான் நல்ல கேள்வி.

வட்டத்தின் வலது ஓரத்திலிருந்து கிளம்பு. முதல் 30 டிகிரி நடக்கும்போது பாதை ஏறக்குறைய நேராக மேலே போகிறது, 0.5 ஏறிவிடுகிறாய். அடுத்த 30 டிகிரி அதே தூரம்தான், ஆனால் பாதை இடப்பக்கம் சாயத் தொடங்கிவிட்டது, நடந்ததில் ஒரு பகுதி பக்கவாட்டில் போய்விடுகிறது, 0.366 மட்டும் ஏறுகிறாய். கடைசி 30 டிகிரியில் பாதை படுத்தேவிட்டது, 0.134 மட்டும்தான். மூன்றையும் கூட்டினால் 1. நடை சமம், ஏற்றம் குறைந்துகொண்டே போகிறது. sin(A + B) என்பது sin A + sin B ஏன் இல்லை என்றால் காரணம் இதுதான். கூட்டல் சூத்திரம் எப்படி இருக்கும் என்பது வேறு வேலை, ஆனால் நேரடியாகக் கூட்ட முடியாது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

பிளஸ்ஒன்_பாவம்
புரிஞ்சிடுச்சு. அப்போ எவ்வளவு வேகமா ஏறுறோம்ங்கிறதுக்கும் ஒரு கணக்கு இருக்குமா?

சுவடி
தம்பி கேட்டதற்கு ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய பதில் இருக்கிறது. ஆரியபட்டர் கி.பி. 499-இல் எழுதிய ஆரியபடீயத்தில் சைன் அட்டவணை இருக்கிறது, ஆனால் அவர் சைன் மதிப்புகளைத் தரவில்லை, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு கூடுகிறது என்பதை மட்டும் தருகிறார். கால்வட்டத்தை 24 சம படியாகப் பிரிக்கிறார், ஒரு படி 3¾ டிகிரி, அதாவது 225 கலை. கூடும் அளவுகள்: 225, 224, 222, 219, 215, 210, 205, 199 என்று மெல்ல இறங்கி, கடைசியில் 51, 37, 22, 7 என்று முடியும். முதல் எட்டையும் கூட்டினால் 1719. எட்டுப் படி என்றால் 30 டிகிரி. அவருடைய ஆரம் 3438, அதில் பாதி 1719. sin 30 அரை!

இதற்கு மேலும் ஒன்று: அந்த 3438 எங்கிருந்து வந்தது? வட்டம் முழுக்க 360 × 60 = 21600 கலை. அதை 2π-ஆல் வகுத்தால் 3438. ஆகவே ரேடியனைக் கண்டுபிடித்தவர் ஆரியபட்டர்தான், மேலைநாட்டார் பெயர் மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

பரிதி
சுவடி ஐயா, அட்டவணை பற்றி எழுதியது அத்தனையும் தங்கம். கடைசி வரியில் மட்டும் கொஞ்சம் பிரேக் போடுகிறேன். ஆரியபட்டர் செய்தது ஆரத்தையும் வில்லையும் ஒரே அலகால், அதாவது கலையால், அளந்தது. ரேடியனுக்குப் பின்னால் இருக்கும் காரியம் அதுதான், அதனால்தான் அவருடைய முதல் படியில் வில்லும் 225, சைனும் 225 என்று சமமாக வருகிறது. ஆனால் அவர் ஆரத்தையே ஒன்று என்று வைக்கவில்லை, கோணத்தை அளக்கப் புது அலகும் சொல்லவில்லை. ரேடியன் என்ற பெயர் 1873-இல் பெல்ஃபாஸ்டில் ஜேம்ஸ் தாம்சன் போட்ட தேர்வு வினாத்தாளில் அச்சாகிறது, அதற்கு முன்பே, 1714 வாக்கில், ரோஜர் கோட்ஸ் இதே அளவைக் கருத்தளவில் பயன்படுத்தியிருக்கிறார். யாருக்கு மாலை போடுவது என்பதை விட்டுவிடுவோம்.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன், அந்த அட்டவணையிலேயே பதில் இருக்கிறது. பன்னிரண்டாவது கூடுதல் 164. அந்தப் படியின் நடுப்பகுதி சுமார் 43 டிகிரி. 225-ஐ cos 43.125°-ஆல் பெருக்கிப் பார்: 164.2. பதினாறாவது கூடுதல் 119, அதன் நடு 58 டிகிரிக்குப் பக்கம், பெருக்கினால் 118.8. கடைசிப் படிக்கும் 7.4 வருகிறது, அவர் 7 என்கிறார். அதாவது ஒரு இடத்தில் எவ்வளவு வேகமாக ஏறுகிறாய் என்பது அந்த இடத்தின் கொசைன். இது ஏன் என்றால் வட்டத்தில் நடப்பவன் எப்போதும் ஆரத்துக்குச் செங்குத்தாகத்தான் முகம் வைத்திருக்கிறான். ஆரம் (cos, sin) திசையில் இருந்தால் அவன் போகும் திசை (−sin, cos). அந்தத் திசையில் மேல்நோக்கிய பங்கு cos. நடை வேகம் 1 ஆக இருந்தால் ஏறும் வேகமும் அப்படியே cos. டிகிரியில் எண்ணினால் நடை வேகம் 0.01745 ஆகிவிடும், அந்த எண் எல்லாச் சூத்திரத்திலும் வாலாகத் தொங்கும்.

இந்த வருடமே வகையீடு வரும்போது sin-இன் வகையீடு cos என்று உனக்குப் புதிதாகச் சொல்லித்தர ஒன்றும் இருக்காது.

மனக்கணக்கு_மணி
பரிதி சார், ஒரு சந்தேகம். சின்னக் கோணத்துக்கு வில்லும் சைனும் ஒன்று என்றீர்கள். அப்படியானால் 30 டிகிரி வரைக்கும் ரேடியனையே சைனாக எடுத்துக்கொள்ளலாமா? மனக்கணக்குக்கு ரொம்ப வசதி.

பரிதி
30 டிகிரி 0.5236 ரேடியன், சைன் 0.5. கிட்டத்தட்ட ஐந்து சதவீதம் பிசகும். 10 டிகிரியில் 0.1745-க்கு 0.1736, அரை சதவீதம்தான் பிசகு. எவ்வளவு பிசகலாம் என்பதை வேலை சொல்லட்டும். வெல்டிங் கடைக்காரர் ஐந்து சதவீதத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்.

வெல்டிங்_கடை
ரெண்டு எம்எம் பிசகினாலே ஃபிளேஞ்ச் உட்காராது அண்ணே.

செங்கோணம்_டீச்சர்
நான் பத்தாம் வகுப்பு எடுப்பவள், அதனால் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். வட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், முக்கோணம்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற தொனி இந்த இழையில் வருகிறது. எனக்கு உடன்பாடில்லை. கலங்கரை விளக்கத்தின் உயரம், மரத்தின் நிழல், இதெல்லாம் முக்கோணத்தில்தான் பிடிபடுகிறது. ஒரே கோணமுள்ள சின்ன முக்கோணமும் பெரிய முக்கோணமும் வடிவொத்தவை, அதனால் பக்கங்களின் விகிதம் மாறாது, இந்தப் புரிதல் இல்லாமல் வட்டத்தில் உயரத்தைப் படிக்கச் சொன்னால் அது வெறும் கிராஃப் வேலை. "வட்டத்தில் இருக்கும் உயரத்துக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அதோடு, சிலர் ராட்டினத்தை உதாரணம் காட்டித் தொடங்குகிறார்கள். ராட்டினத்தில் அடியில் ஏறுகிறோம், ஓரத்தில் அல்ல. உயரம் R − R cos θ என்று வரும், சைனே வராது. பிள்ளைக்குக் குழப்பம்தான் மிச்சம்.

பரிதி
ராட்டினம் பற்றி முழு சம்மதம் டீச்சர். அதை முடிவில் கணக்காகக் கொடுக்கலாம், தொடக்கத்தில் கொடுத்தால் வம்பு.

முக்கோணம் கெடுக்கிறது என்று நான் சொல்லவில்லை, ஆனால் இரண்டுக்கும் நடுவில் பாலம் போடாமல் விடுகிறோம் என்பேன். எந்தச் செங்கோண முக்கோணத்தையும் எடுங்கள், எல்லாப் பக்கத்தையும் கர்ணத்தால் வகுத்துவிடுங்கள். கர்ணம் 1 ஆன முக்கோணம் கிடைக்கும். அதை வட்டத்துக்குள் வையுங்கள், கர்ணம்தான் ஆரம். எதிர்ப்பக்கம் அந்தப் புள்ளியின் உயரம். மரமும் அதுதான், பல மடங்கு பெரிதாக்கியது. 90-ஐத் தாண்டியதும் அந்த முக்கோணம் மறுபக்கம் கவிழ்ந்துவிடும், ஆனால் உயரம் என்பது இருந்துகொண்டேதான் இருக்கும். கரும்பலகை சாரின் 120 டிகிரிக்கும் இதுதான் பதில்: முக்கோணத்தைத் தேடாதே, புள்ளியின் உயரத்தைப் பார்.

செங்கோணம்_டீச்சர்
அந்தப் பாலம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது பத்தாம் வகுப்பின் கடைசியில் வர வேண்டுமா, பதினொன்றின் முதலிலா? எங்களுக்குப் பாடத்தில் இடமில்லை, உங்களுக்கு நேரமில்லை. முதலில் வட்டம் என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை.

கரும்பலகை
எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒரு பிரிவில் செய்து பார்த்தேன். முதல் பீரியடில் நாடா சுற்றல், இரண்டாவதில் புள்ளிகளைப் படித்தல். அட்டையை வட்டமாக வெட்டுவதிலேயே பாதி நேரம் போய்விட்டது, விளிம்பு கோணலானால் நாடா வழுக்குகிறது. அதற்காகச் சில குழுக்கள் வீட்டிலிருந்து பெயிண்ட் டப்பா மூடி, எவர்சில்வர் டப்பா மூடி என்று கொண்டுவந்தார்கள். எல்லாம் வேறு வேறு அளவு, 10 செ.மீ. எதுவுமே இல்லை. இதை எப்படிச் சமாளிப்பது?

பரிதி
சமாளிக்கவே வேண்டாம் சார், அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழுவும் தன் மூடியின் ஆரத்தை அளந்து, நாடாவில் அந்த ஆரத்தையே ஒரு அலகாகக் குறிக்கட்டும். 7 செ.மீ. மூடிக்கு ஏழு ஏழாக, 9.5-க்கு ஒன்பதரை ஒன்பதரையாக. படித்த ஆயத்தொலைவைத் தங்கள் ஆரத்தால் வகுக்கட்டும். எல்லாக் குழுவும் 2-க்கு (−0.42, 0.91) பக்கத்தில்தான் வந்து நிற்கும். வட்டத்தின் அளவு பொருட்டல்ல என்பதை நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை. மூடியின் ஆரத்தை மட்டும் நாடா படும் வெளிவிளிம்பு வரை எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆறுக்குப் பிறகு மிச்சம் 0.28 வராமல் கூடுதலாக வரும்.

முழுமதிப்பெண்
இரண்டு பீரியட் போய்விட்டது பாருங்கள். எனக்கு அதில் ஒரு முழு அலகே முடிந்திருக்கும்.

கரும்பலகை
முடிந்திருக்கும் சார். ஆனால் இன்று காலை sin 4 பிளஸா மைனஸா என்று கேட்டேன். "3.14 தாண்டியாச்சு, 4.71 இன்னும் வரல, கீழே இடப்பக்கம், ரெண்டுமே மைனஸ்" என்று கடைசி பெஞ்ச் சொல்லியது. அடுத்த பிரிவுக்கு ஒரே பீரியடில் முடிக்க, நாடாவை நானே வெட்டி எண்ணிட்டுக் கொண்டுபோகலாமா, இல்லை ஆரத்தை அவர்களே அளந்து குறிப்பதுதான் முக்கியமா?

பரிதி
நாடாவை நீங்கள் வெட்டி ஒட்டிக்கொண்டு போங்கள். எண்ணை மட்டும் அவர்கள் போடட்டும்.

செங்கோணம்_டீச்சர்
டப்பா மூடி விஷயம் எனக்கும் உதவும், பத்தாம் வகுப்பிலேயே முயற்சி செய்கிறேன். tan-ஐ அந்த மூடியில் எங்கே காட்டுவது என்று யாராவது எழுதுங்களேன்.